இரவு மின்னஞ்சலும் மூன்று பழைய நூல்களும்

நிதியாண்டு முடிய இரண்டு நாள்களே இருக்கின்றன. இரவு 9.40 மணி. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் மேலாளர் ஒருவர் உணவு முடித்துக் கை கழுவிவிட்டு வருகிறார். கைப்பேசியில் மேலதிகாரியின் மின்னஞ்சல் வந்திருக்கிறது. அறிக்கையின் எண்கள் ஒத்துப்போகவில்லை என்றும், நாளை காலை 10 மணிக்கு விளக்கம் தேவை என்றும் இரண்டே வரிகள். அவற்றைப் படித்த கணத்தில் அவருடைய நெஞ்சு படபடக்கிறது. உறக்கம் வருவதற்குள் அவர் மனத்தில் பத்து உரையாடல்கள் நடந்து முடிந்துவிடுகின்றன. அவை அனைத்திலும் அவரே தோற்கிறார்.

இத்தகைய இரவுகளைக் கடக்க விரும்பும் பலர், மந்திரமோ மறைபொருளோ இல்லாத, அறிவுக்குப் பொருந்தும் ஒரு வழியைத் தேடுகின்றனர். அவர்களுக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படுபவை ஸ்டோயிக் சிந்தனையாளர்களின் நூல்கள். ஆயினும் எந்த நூலில் தொடங்குவது, எதை எப்படிப் படிப்பது, படித்ததைக் கொண்டு என்ன செய்வது என்பதைச் சொல்வார் குறைவு. இக்கட்டுரை மூன்று நூல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த மேலாளரின் மின்னஞ்சலையும் உடன் எடுத்துச் சென்று, ஒவ்வொரு நூலும் அதற்கு என்ன பயன் தருகிறது என்று பார்ப்போம்.

தோற்றமும் இசைவும்

ஸ்டோயிக் சிந்தனைப் பள்ளி கி.மு. 300 அளவில் ஏதென்ஸ் நகரில் தோன்றியது. சைப்ரஸ் தீவிலிருந்து வந்த சீனோ என்பவர், ஓவியங்கள் தீட்டப்பட்ட ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்தினார். அம்மண்டபத்தைக் குறிக்கும் ‘ஸ்டோவா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது. அவர்களுடைய போதனை விரிவானது. எனினும் அன்றாட அமைதிக்கு அதிலிருந்து ஒரு கருத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒரு நிகழ்வு நேரும்போது நம் மனத்தில் ஒரு தோற்றம் எழுகிறது. ‘இது பேரிழப்பு’, ‘இது அவமானம்’ என்று அந்தத் தோற்றமே நமக்குச் சொல்கிறது. அது எழுவதை நாம் தடுக்க இயலாது. அடுத்த படியில், அந்தத் தோற்றம் சொல்வது உண்மையே என்று மனம் ஒப்புக்கொள்கிறது. இதை அவர்கள் இசைவு என்றனர். அச்சமும் சினமும் வேர் கொள்வது இசைவு தந்த பின்னரே. இசைவு நம்முடைய செயல். ஆகவே அதைச் சற்று நிறுத்திவைக்க நம்மால் முடியும்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் உரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் இதற்குப் பொருத்தமான ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். அவர் பயணம் செய்த கப்பல் கடும் புயலில் சிக்கியது. புகழ்பெற்ற ஸ்டோயிக் தத்துவாசிரியர் ஒருவரும் அக்கப்பலில் இருந்தார். அவர் முகமும் மற்றவர்களுடையதைப் போலவே வெளுத்தது. ஆனால் அவர் புலம்பவில்லை. புயல் ஓய்ந்த பின் ஒரு செல்வந்தர் அவரை எள்ளி நகையாடினார். பின்னர் கெல்லியஸ் மரியாதையுடன் விளக்கம் கேட்டபோது, தத்துவாசிரியர் தம் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைத்தொகுதி ஒன்றை எடுத்துக் காட்டினார். திடீர் ஆபத்தில் அறிஞனின் உடலும் நடுங்கும், முகமும் வெளுக்கும். ஆனால் அந்தத் தோற்றத்துக்கு அவன் இசைவு தரமாட்டான் என்பதே அதிலிருந்த விளக்கம்.

ஆகவே நம் மேலாளரின் நெஞ்சு படபடத்ததில் குறை ஒன்றுமில்லை. அதன் பின் அவர் மனம் எதற்கு இசைந்தது என்பதே கேள்வி.

முதல் நூல்: எபிக்டெட்டஸின் கையேடு

எபிக்டெட்டஸ் இன்றைய துருக்கியில் உள்ள ஹையராபொலிஸ் நகரில் பிறந்தவர். உரோமில் அடிமையாக வாழ்ந்து, பின் விடுதலை பெற்றவர், கால் ஊனமுற்றவர். டொமிஷியன் என்னும் பேரரசர் தத்துவாசிரியர்களை வெளியேற்றியபோது கிரேக்கத்தின் நிக்கோபொலிஸ் நகருக்குச் சென்று பள்ளி நடத்தினார். அவர் தம் கைப்பட எதையும் எழுதவில்லை. அவருடைய மாணவர் ஆரியன் எழுதிவைத்த உரைகளே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் சாரமாக ஆரியன் தொகுத்த சிறு நூலே ‘என்கைரிடியன்’, அதாவது கையேடு. அதில் 53 சிறு பகுதிகள் உள்ளன. ஓய்வான ஒரு மாலைப்பொழுதில் முழுவதையும் படித்துவிடலாம்.

கையேட்டின் முதல் பகுதி ஒரு கணக்கேட்டைப் போன்றது. நம் பொறுப்பில் இருப்பவை ஒரு பக்கம்: நம் கருத்து, நம் முயற்சி, நம் விருப்பு, நம் வெறுப்பு. நம் பொறுப்பில் இல்லாதவை மறுபக்கம்: உடல், உடைமை, பிறர் நம்மைப் பற்றி எண்ணுவது, பதவி. ஒரு பக்கத்துக்குரியதை மறுபக்கத்தில் எழுதுவதே துன்பத்தின் தொடக்கம் என்கிறார் எபிக்டெட்டஸ்.

நான்காம் பகுதி மிகவும் நடைமுறை சார்ந்தது. பொதுக் குளியலகத்துக்குச் செல்பவன், அங்கே தண்ணீர் தெறிக்கும், சிலர் இடிப்பர், சிலர் ஏசுவர், சிலர் திருடுவர் என்பதைப் புறப்படும் முன்பே எண்ணிக்கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. குளிப்பது மட்டும் அவன் நோக்கமன்று. தன் நடத்தை குலையாமல் திரும்புவதும் அவன் நோக்கம். குளியலகம் இருக்கும் இடத்தில் அலுவலகக் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் அப்பகுதி இன்று எழுதப்பட்டதைப் போலத் தோன்றும்.

இந்நூலில் கடுமையான பகுதிகளும் உள்ளன. குழந்தையை முத்தமிடும்போதே அது அழியக்கூடிய உயிர் என எண்ணிக்கொள்ளச் சொல்லும் மூன்றாம் பகுதியில் பலர் நூலை மூடிவிடுவர். முதல் வாசிப்பில் அதைக் கடந்து செல்லலாம். தெய்வங்களையும் நிமித்தங்களையும் பேசும் 31, 32-ஆம் பகுதிகளையும் விரும்பாதவர் தவிர்க்கலாம். நடைமுறைப் பயிற்சி அதனால் குறைவதில்லை.

இரண்டாம் நூல்: செனெகாவின் ‘சினம் பற்றி’

செனெகா இன்றைய ஸ்பெயினின் கோர்டோபா நகரில் பிறந்தவர். எட்டு ஆண்டுகள் கோர்சிக்கா தீவில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தார். பின்னர் நீரோவின் ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்து, கி.பி. 65-இல் அதே நீரோவின் ஆணையால் உயிரை மாய்த்துக்கொண்டார். எளிமையைப் பற்றி எழுதிய இவர் பெருஞ்செல்வராகவும் இருந்தார். இம்முரணை அவர் காலத்தவரே சுட்டிக்காட்டினர். அவரைத் துறவி என்று கருதாமல், அதிகாரத்தின் நடுவில் தடுமாறியபடியே கற்றுக்கொண்ட ஒருவராகப் படிப்பது நன்று.

அவர் லூசிலியஸ் என்ற நண்பருக்கு எழுதிய 124 கடிதங்கள் புகழ்பெற்றவை. எனினும் அலுவல் வாழ்வில் இருப்போருக்கு, மூன்று பாகங்கள் கொண்ட ‘சினம் பற்றி’ என்னும் நூலின் மூன்றாம் பாகத்தையே முதலில் பரிந்துரைப்பேன். அதில் இரண்டு மருந்துகள் உள்ளன.

முதலாவது காலத்தாழ்ச்சி. ஓர் அடிமையை அடிக்கக் கையோங்கிய பிளேட்டோ, தாம் சினம் கொண்டிருப்பதை உணர்ந்தவுடன், ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார் என்று செனெகா எழுதுகிறார். காத்திருப்பது மன்னிப்பதற்காக அன்று; தீர்ப்பைத் தெளிந்த நிலையில் வழங்குவதற்காக. காத்திருந்த பின்னும் கண்டிப்பு தேவை எனத் தோன்றினால் அப்போது கண்டிக்கலாம்.

இரண்டாவது இரவுக் கணக்கெடுப்பு. விளக்கு அணைக்கப்பட்டு, இப்பழக்கத்தை அறிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பின், செனெகா அன்றைய நாள் முழுவதையும் தமக்குள் ஓட்டிப் பார்ப்பார். அவர் தரும் எடுத்துக்காட்டுகள் சிறியவை: ஒருவரிடம் தேவைக்கு மேல் கடுமையாகப் பேசிவிட்டேன்; அவர் திருந்தவில்லை, புண்பட்டார். அடுத்த முறை அப்படிச் செய்யாதே என்று தமக்கே சொல்லி, இம்முறை தம்மை மன்னித்து உறங்கச் செல்கிறார். கணக்கெடுப்பின் இந்த முடிவு முக்கியமானது. தன்னைத் தண்டிக்கும் கணக்கெடுப்பு நாளடைவில் கைவிடப்படும்.

கடிதங்களில் 18-ஆவது கடிதத்தை மட்டும் இத்துடன் சேர்த்துப் படிக்கலாம். சில நாள்கள் மிக எளிய உணவும் முரட்டு உடையும் கொண்டு வாழ்ந்து, இதற்குத்தானா இத்தனை நாள் அஞ்சினேன் என்று தன்னையே கேட்டுப் பார்க்கச் சொல்கிறது அது. வேலை போய்விடுமோ என்ற அச்சம் உள்ளவர், மாதத்தில் மூன்று நாள் இன்றியமையாச் செலவுகளை மட்டும் செய்து அத்தொகையைக் குறித்து வைக்கலாம். தம் குடும்பம் எவ்வளவில் வாழ முடியும் என்பது அப்போது உருவமற்ற அச்சமாக இராது. ஓர் எண்ணாகத் தெரியும்.

மூன்றாம் நூல்: மார்கஸ் அரேலியஸின் குறிப்புகள்

கி.பி. 161 முதல் 180 வரை உரோமப் பேரரசராக இருந்த மார்கஸ் அரேலியஸ், தமக்காகக் கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகளே இன்று ‘மெடிட்டேஷன்ஸ்’ எனப்படும் 12 பாகங்கள். கொள்ளைநோயும் எல்லைப் போர்களும் நிறைந்த ஆட்சிக் காலம் அது. இரண்டு பாகங்களின் எல்லையில் காணப்படும் குறிப்புகள் தன்யூப் நதிப் பகுதியின் போர்க்களங்களைச் சுட்டுகின்றன. தம் ஆசிரியர் ரஸ்டிகஸ் எபிக்டெட்டஸின் உரைகளைத் தமக்குத் தந்ததை முதல் பாகத்தில் அவர் நன்றியுடன் பதிவு செய்கிறார். அடிமையாக இருந்தவரின் பாடத்தைப் பேரரசர் ஒருவர் தம் இரவுகளில் எழுதிப் பழகியதே இந்நூல்.

பிறர் படிக்க எழுதப்படாததால் ஒரே கருத்து பலமுறை திரும்ப வரும். இதைக் கதைநூல் போலத் தொடர்ந்து படிப்பவர் சலிப்படைவர். இரண்டாம் பாகத்தில் தொடங்கி, நாளொன்றுக்கு ஒரு பத்தி படிப்பதே ஏற்றது.

இதிலிருந்து கற்க வேண்டிய பயிற்சி, அடைமொழி நீக்கிய விவரிப்பு. அரசருக்குரிய செந்நிற ஆடையை ஆட்டின் மயிர் என்றும், சிப்பியின் குருதியில் தோய்த்தது என்றும் அவர் விவரித்துப் பார்க்கிறார். எட்டாம் பாகத்தில் ஓரிடத்தில், ஒருவர் உன்னைப் பழித்தார் என்ற செய்தி வந்தால், பழித்தார் என்பது மட்டுமே செய்தி. அதனால் நீ கெட்டுவிட்டாய் என்பது செய்தியில் இல்லை என்று தமக்கே விளக்கிக்கொள்கிறார்.

மறைபொருளை விரும்பாத வாசகருக்கு இந்நூல் மற்றொரு வசதியும் தருகிறது. உலகத்தைப் பேரறிவு ஒன்று நடத்துகிறது என்பது ஸ்டோயிக் பள்ளியின் கொள்கை. மார்கஸும் அதை ஏற்றவரே. ஆயினும் உலகம் பேரறிவால் இயங்கினாலும், அணுக்களின் தற்செயலான சேர்க்கையால் இயங்கினாலும், நேர்மையாக நடப்பதே தம் கடமை என்று பல இடங்களில் அவர் எழுதுகிறார். நம்பிக்கை எதுவாயினும் பயிற்சி மாறுவதில்லை.

மின்னஞ்சலுக்குத் திரும்புவோம்

நம் மேலாளர் இம்மூன்றையும் பழகியவர் என்று கொள்வோம். கைப்பேசியை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து மூன்று தலைப்புகள் இடுகிறார்.

‘வந்த செய்தி’ என்ற முதல் தலைப்பின் கீழ், எண்கள் ஒத்துப்போகவில்லை என்று அவர் எழுதியுள்ளார், 10 மணிக்கு விளக்கம் கேட்டுள்ளார் என்று மட்டும் குறிக்கிறார். ‘நான் சேர்த்தது’ என்ற இரண்டாம் தலைப்பின் கீழ், என்னைத் திறமையற்றவன் என்று நினைக்கிறார், அனைவர் முன்னிலும் அவமதிப்பார், பதவி உயர்வு போயிற்று என்று எழுதுகிறார். இம்மூன்றில் ஒன்றுகூட மின்னஞ்சலில் இல்லை என்பது தாளில் பார்க்கும்போது புலப்படுகிறது. அவை பொய் என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. இன்னும் சான்று இல்லை, ஆகவே இசைவு இல்லை என்பதே அவருடைய நிலை.

‘என் பொறுப்பு’ என்ற மூன்றாம் தலைப்பின் கீழ், இன்றிரவு ஒரு மணி நேரம் சரிபார்ப்பது என்று எழுதுகிறார். வேறுபாடு 54,000 ரூபாய். அது ஒன்பதால் மீதமின்றி வகுபடுகிறது. 7,82,000 என்பதை 7,28,000 என்று பதிந்ததைப் போல அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், வேறுபாடு ஒன்பதால் வகுபடும் என்பதைக் கணக்கர்கள் அறிவர். இது உறுதியான சான்றன்று. தேடலுக்கு ஒரு தடயம். ஐந்து கிளைகளின் தாள்களில் இரண்டைப் பார்த்து முடிக்கிறார். பிழை அகப்படவில்லை. 10.45 ஆகிறது. பார்த்தவை எவை, பார்க்க வேண்டியவை எவை என்று குறித்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

இங்கே சிசெரோ தம் நூலொன்றில் விளக்கும் ஸ்டோயிக் வில்லாளியின் உவமை பொருந்தும். குறி பார்ப்பதும் நாணை இழுப்பதும் வில்லாளியின் வேலை. அம்பு விட்ட பின் இலக்கைத் தைப்பது அவன் கையில் இல்லை. செய்ய வேண்டிய அனைத்தையும் செய்தவன் தன் பங்கை முடித்தவனே. பிழையைக் கண்டுபிடித்தால்தான் அமைதி என்று நம் மேலாளர் வைத்திருந்தால், அன்றிரவு அவர் உறங்கியிருக்க முடியாது.

காலை 9.55-க்குக் குளியலகப் பகுதியை நினைவுகூர்கிறார். ஒருவர் குறுக்கிடுவார், ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒருவர் பழியை மாற்றிச் சுமத்துவார். கூட்டத்தில் மேலதிகாரி கடுமையாகவே பேசுகிறார். மேலாளருக்கு முகம் சிவக்கிறது. அவர் தம் தாளைப் பார்த்து, சரிபார்த்தவை இவை, மீதம் மூன்று கிளைகள், மதியம் 2 மணிக்குள் முடித்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்கிறார்.

அன்றிரவுக் கணக்கெடுப்பில் வேறொன்று தெரியவருகிறது. கூட்டத்தில் நிதானமாக இருந்தவர், வெளியே வந்தவுடன் இளைய உதவியாளரிடம் எரிந்து விழுந்திருக்கிறார். பிழைக்கும் அந்த உதவியாளருக்கும் தொடர்பே இல்லை. நாளை காலை முதல் வேலையாக அவரிடம் வருத்தம் தெரிவிப்பது என்று முடிவு செய்து உறங்கச் செல்கிறார். பதவி உயர்வு என்னவாகும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

பிழையாகும் இடங்கள்

இந்நூல்களைப் படிப்போர் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு, உணர்ச்சியை அடக்குவதையே இப்பயிற்சி என்று கொள்வது. அடக்கப்பட்ட சினம் அலுவலகத்தில் தெரியாது; வீட்டில் தெரியும். உதவியாளரிடம் மேலாளர் எரிந்து விழுந்தது அதற்கு அடையாளம். எந்தத் தோற்றத்துக்கு இசைந்தேன் என்று ஆராயாமல் முகத்தை மட்டும் சரிசெய்துகொண்டால் இப்படித்தான் முடியும்.

இரண்டாவது தவறு, ‘என் கையில் இல்லை’ என்று கடமையைக் கைவிடுவது. மேலதிகாரியின் குணம் என் கையில் இல்லை. ஆனால் தொடர்ந்து முறைகேடாக நடத்தப்படும்போது அதைப் பதிவு செய்வதும் முறையிடுவதும் வேறு வேலை தேடுவதும் என் கையில் உள்ளவை. பொறுப்புப் பட்டியலில் செயல் எதுவும் எழுதப்படவில்லை எனில், பிரித்ததில் பிழை இருக்கிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது தவறு, முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதைக் கவலையாக மாற்றிக்கொள்வது. இரண்டையும் வேறுபடுத்த ஒரு வழி உண்டு. முன்னெண்ணம் ‘அப்போது நான் இப்படி நடந்துகொள்வேன்’ என்ற முடிவில் நிற்கும். கவலை அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டும். ஐந்து நிமிடங்களில் புதிய முடிவு எதுவும் பிறக்கவில்லையெனில் நிறுத்திவிட வேண்டும்.

எல்லையையும் சொல்ல வேண்டும். அறிவாற்றல் சார்ந்த உளச்சிகிச்சையை உருவாக்கிய ஏரன் பெக்கும் அவருடன் எழுதியவர்களும், 1979-இல் வெளியான தங்கள் நூலில் அம்முறையின் தத்துவ வேர்களை ஸ்டோயிக் சிந்தனையாளர்களிடம் கண்டனர். ஆனால் வேர் ஒன்று என்பதால் நூல் சிகிச்சையாகிவிடாது. வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி இருப்பவர் மருத்துவரை அணுக வேண்டும்.

எப்பதிப்பு, எவ்வளவு நேரம்

இந்நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல. மார்கஸின் நூலுக்கு 2002-இல் வெளியான கிரகரி ஹேஸின் மொழிபெயர்ப்பு எளிய நடையில் அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் லாங் செய்தது இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும்; நடை பழையது. எபிக்டெட்டஸின் நூல்களுக்கு ராபின் ஹார்டின் பதிப்பு தெளிவானது. செனெகாவின் கடிதங்களில் தேர்ந்தவற்றை ராபின் கேம்ப்பெல் மொழிபெயர்த்துள்ளார்.

இக்கால நூல் ஒன்று வேண்டுமெனில் வில்லியம் இர்வின் 2009-இல் எழுதிய ‘எ கைட் டு த குட் லைஃப்’ நல்ல அறிமுகம். அதை ஒரு குறிப்போடு படிக்க வேண்டும்: இர்வின் மன அமைதியையே முதன்மை நோக்கமாக முன்வைக்கிறார். பழைய ஸ்டோயிக்குகளுக்கு நேர்மையான நடத்தையே நோக்கம். அமைதி அதன் விளைவு. சமூக ஊடகங்களில் மார்கஸின் பெயரில் உலவும் பொன்மொழிகளிலும் எச்சரிக்கை தேவை. பாக எண்ணும் பத்தி எண்ணும் தரப்படாதவற்றை நம்பாதிருப்பது நன்று.

முதல் வாரத்தில் கையேட்டை ஒருமுறை படித்து, முதல் ஐந்து பகுதிகளை மீண்டும் படிக்கலாம். அடுத்த மூன்று வாரங்களில் செனெகாவின் மூன்றாம் பாகத்தைப் படித்து, இரவில் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பைத் தொடங்கலாம். அதன் பின் காலையில் மார்கஸின் ஒரு பத்தி. மூன்று தலைப்புகள் இட்ட தாளை நாள்தோறும் எழுத வேண்டியதில்லை. நெஞ்சு படபடக்கும் நாளில் மட்டும் எழுதினால் போதும். ஒரு மாதத்துக்குப் பின் அத்தாள்களை அடுக்கிப் பார்த்தால், ‘நான் சேர்த்தது’ என்ற தலைப்பின் கீழ் எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரியும். அடுத்த மாதம் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம்.